முழங்கால் துள்ளுகிறதா?

மக்னீசியம் சல்பேட் கர்ப்பிணிக்கு வரும் வலிப்பைத் தடுக்கும். உடம்பில் அளவு மீறிச் சேர்ந்தால் அதே மருந்து மூச்சையும் நிறுத்திவிடும். இந்த இரண்டுக்கும் நடுவே காவல் நிற்பவர் பெரும்பாலும் பிரசவ வார்டில் இரவுப் பணியில் இருக்கும் செவிலியர்தான். மகப்பேறு செவிலியம் படிக்கும் மாணவிகளின் தேர்வுக் குறிப்பேட்டில் அந்தக் காவலுக்கு மூன்று வரி இருக்கும். மூச்சு நிமிடத்துக்கு 16-க்குக் குறையக் கூடாது. முழங்கால் அனிச்சை இருக்க வேண்டும். சிறுநீர் மணிக்கு 30 மில்லிலிட்டருக்குக் குறையக் கூடாது. எல்லோரும் மனப்பாடம் செய்துவிடுகிறார்கள்.

ஆனால் இந்த மூன்றும் ஒரே கேள்வியைக் கேட்கவில்லை. சிறுநீரைப் பார்ப்பது, மருந்து உடம்பை விட்டு வெளியேறுகிறதா என்று அறிய. முழங்காலைத் தட்டுவது, மருந்து தேங்க ஆரம்பித்துவிட்டதா என்று அறிய. மூச்சை எண்ணும்போது, தேங்கிய மருந்து ஆளையே தாக்கிவிட்டதா என்று பார்க்கிறோம். இந்த வரிசைதான் பாடத்தின் உயிர். குறிப்பேடுகள் பலவும் அதைச் சொல்லாமல் எண்களை மட்டும் கொடுத்துவிடுகின்றன என்பதே என் வருத்தம்.

முதலில் நோய். கர்ப்பம் 20 வாரத்தைத் தாண்டிய பிறகு ஒரு பெண்ணுக்குப் புதிதாக ரத்த அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல் போய், கூடவே சிறுநீரில் புரதம் தென்பட்டாலோ, கல்லீரல், சிறுநீரகம், ரத்தத் தட்டணுக்கள், மூளை இவற்றில் ஏதாவது பாதிக்கப்பட்ட அடையாளம் தெரிந்தாலோ அதை பிரீஎக்லாம்சியா என்கிறார்கள். அழுத்தம் 160/110-ஐத் தொட்டால் தீவிர நிலை. அதன் உச்சத்தில் வருவது வலிப்பு. நம் ஊர்ப் பாட்டிமார் ஜன்னி கண்டுவிட்டது என்று சொன்ன பிரசவ மரணங்களில் இதுவும் இருந்திருக்கும். நச்சுக்கொடி சரியாக வேர்பிடிக்காமல் போவதில் தொடங்கி, தாயின் ரத்தக் குழாய்களின் உட்சுவர் முழுவதும் கெடுவதே இதன் அடிப்படை. குழந்தையும் நச்சுக்கொடியும் வெளியே வருவதுதான் முடிவான சிகிச்சை. மற்ற எல்லாமே அதுவரைக்கும், அதற்குப் பிறகு சில நாட்களுக்கும் தாயைக் காப்பாற்றி வைக்கும் வேலை.

கால் வீக்கத்தைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் அதிகம். வீக்கம் நல்ல ஆரோக்கியமான கர்ப்பிணிக்கும் வரும். வீக்கமே இல்லாமல் வலிப்பு வந்த பெண்களும் உண்டு. விடாத தலைவலி, கண் மங்குவது, கண்ணுக்குள் பூச்சி பறப்பது, மேல்வயிற்றிலோ வலது விலாவுக்குக் கீழேயோ வலி, திடீரென்று முகமும் கையும் ஊதுவது, இவைதான் உடனே பிரஷர் பார்க்க வேண்டிய அறிகுறிகள். மேல்வயிற்று வலியை அல்சர் என்று எண்ணி மாத்திரை போட்டுவிட்டுப் படுத்துக்கொள்வது நம் வீடுகளில் சாதாரணமாக நடக்கிறது. கல்லீரல் வீங்கி அதன் உறை இழுபடும் வலியாக அது இருக்கலாம்.

பிரஷர் பார்ப்பதிலேயே பாதித் தவறு நடந்துவிடும். உட்கார வைத்து, முதுகுக்குச் சாய்வு கொடுத்து, கை இதயத்தின் மட்டத்தில் இருக்கும்படி தாங்கிப் பார்க்க வேண்டும். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்திருக்கும் பெண்ணின் மேலே இருக்கும் வலக்கையில் பட்டையைச் சுற்றினால், அந்தக் கை இதயத்தைவிட உயரத்தில் இருப்பதால் அளவு குறைவாகக் காட்டும். 150 இருக்க வேண்டிய இடத்தில் 135 என்று எழுதிவிட்டு நிம்மதியாகப் போய்விடுவோம். பருமனான கைக்குச் சிறிய பட்டையைச் சுற்றினால் இதற்கு நேர்மாறு, அளவு கூடுதலாகக் காட்டும்.

இனி மருந்து. மக்னீசியம் சல்பேட் பிரஷரைக் குறைக்கும் மருந்து அன்று. தேர்வில் இதை மாற்றி எழுதும் மாணவிகளை நிறையப் பார்க்கலாம். வார்டில் அந்தக் குழப்பம் ஆபத்தானது. பிரஷருக்கு லேபட்டலால், நிஃபெடிபின் போன்றவை தனியாகப் போக வேண்டும். மக்னீசியம் வலிப்புக்கு மட்டும். “மக்னீசியம் போட்டாச்சு, பிரஷர் தானா இறங்கிடும்” என்று காத்திருந்தால் 170/115-இல் மூளையில் ரத்தக் கசிவு ஏற்படலாம்.

இந்த மருந்தின் கதையில் சென்னைக்கும் ஓர் இடம் உண்டு. சென்னை மருத்துவர் எம்.கே. கிருஷ்ண மேனன், குளோர்புரோமசின், புரோமெதசின், பெதிடின் ஆகிய மூன்றையும் சேர்த்துச் சூல்வலிப்புக்குக் கொடுக்கும் முறையைப் பற்றி 1961-இல் எழுதினார். இந்தியாவில் அந்த முறை நீண்ட காலம் கோலோச்சியது. அதே காலத்தில் அமெரிக்காவின் டல்லஸ் நகரில் ஜாக் பிரிச்சர்டு மக்னீசியத்தைப் பயன்படுத்திவந்தார். எது சிறந்தது என்ற விவாதம் பல பத்தாண்டுகள் ஓடியது. 1995-இல் வெளியான பன்னாட்டு ஆய்வில், ஏற்கெனவே வலிப்பு வந்த பெண்களுக்கு மீண்டும் வலிப்பு வருவதை மக்னீசியம், டயசிபாமைவிடவும் பெனிடோயினைவிடவும் வெகுவாகக் குறைத்தது தெளிவானது. 2002-இல் வெளியான ‘மேக்பை’ ஆய்வு 33 நாடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களைச் சேர்த்தது. வலிப்பு வரும் முன்பே மக்னீசியம் கொடுத்தால் வலிப்பின் வாய்ப்பு பாதிக்கும் கீழே குறைகிறது என்று காட்டியது. இன்று உலகெங்கும் முதல் மருந்து இதுதான்.

பிரிச்சர்டு 1984-இல் தம் மருத்துவமனையில் பார்த்த 245 சூல்வலிப்பு நோயாளிகளைப் பற்றி எழுதினார். அவர்களில் ஒரே ஒரு பெண்தான் இறந்தார். அந்த மரணமும் நோயால் நேர்ந்ததன்று. மக்னீசியத்தின் அளவு தவறிப் போனதால் நேர்ந்தது. இந்த ஒரு தகவலை ஒவ்வொரு குறிப்பேட்டின் முதல் பக்கத்திலும் அச்சடிக்க வேண்டும் என்பேன்.

அளவு எப்படித் தவறுகிறது? ஆம்பியூலை உடைக்கும் இடத்திலேயே தவறலாம். நம்மிடம் பரவலாகக் கிடைப்பது 2 மி.லி. ஆம்பியூல், 50 சதவீதக் கரைசல். ஓர் ஆம்பியூலில் 1 கிராம் மருந்து. பிரிச்சர்டு முறையில் முதல் தவணை 14 கிராம். அதில் 4 கிராம் நரம்பு வழியாகவும், மீதி 10 கிராம் இரண்டு பிட்டத்திலும் 5 கிராம் வீதம் ஆழமான தசை ஊசியாகவும் போகும். இரண்டும் ஒரே ஆம்பியூலில் இருந்துதான் வருகின்றன. ஆனால் செறிவு வேறு. நரம்பில் 50 சதவீதக் கரைசலை அப்படியே ஏற்றவே கூடாது. நான்கு ஆம்பியூல், அதாவது 8 மி.லி. எடுத்து, அதனுடன் 12 மி.லி. ஊசிக்கான நீரோ சலைனோ சேர்த்தால் 20 மி.லி. ஆகும். அது 20 சதவீதக் கரைசல். அதைக் கடிகாரத்தைப் பார்த்து, ஐந்து நிமிடத்துக்குக் குறையாமல், மெதுவாக ஏற்ற வேண்டும். தசை ஊசிக்கு நேர்மாறு. நீர் சேர்க்கக் கூடாது. ஐந்து ஆம்பியூல், 10 மி.லி., வலி குறைய அதே சிரிஞ்சில் 1 மி.லி. 2 சதவீத லிக்னோகைன். இரு பக்கமும் ஒவ்வொன்று.

ஆம்பியூலின் மேல் எழுதியிருப்பதைப் படிக்காமல் பழக்கத்தில் எடுப்பதுதான் பெரிய ஆபத்து. வேறு செறிவில் வந்த ஆம்பியூல் ஒன்று அலமாரியில் கலந்திருந்தால் கணக்கு முழுவதும் மாறிவிடும். அதனால்தான் இரண்டு பேர் சேர்ந்து பார்க்க வேண்டும்: ஒருவர் கலக்க, இன்னொருவர் ஆம்பியூலின் எழுத்தை வாய்விட்டுப் படித்து, உடைத்த ஆம்பியூல்களை எண்ண வேண்டும். காலி ஆம்பியூல்களை உடனே குப்பையில் போடாமல் தட்டிலேயே வைத்திருந்தால் எண்ணிப் பார்க்க வழி இருக்கும்.

நரம்பில் ஏறும்போது உடம்பெல்லாம் தீப்பிடித்தது போல் சுடும், முகம் சிவக்கும், சிலருக்குக் குமட்டும். இது நஞ்சாகிவிட்ட அடையாளம் இல்லை. மேக்பை ஆய்வில் மருந்து பெற்றவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு ஏதாவது பக்கவிளைவு இருந்தது, பெரும்பாலும் இந்தச் சூடுதான். “கொஞ்ச நேரம் உடம்பு சூடா இருக்கும்மா, பயப்படாதீங்க, நான் பக்கத்துலதான் இருக்கேன்” என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் அந்தப் பெண் கையை இழுத்துக்கொள்ள மாட்டார்.

முதல் தவணைக்குப் பிறகு நான்கு மணிக்கொரு முறை 5 கிராம் தசை ஊசி, பக்கம் மாற்றி மாற்றி. ஒவ்வொரு ஊசிக்கும் முன்னால்தான் அந்த மூன்று சோதனைகள். தசைக்குள் போன மருந்தைத் திரும்ப எடுக்க முடியாது. சொட்டு மருந்து என்றால் நிறுத்தலாம், தசை ஊசியில் அதற்கும் வழியில்லை. போட்ட 5 கிராமும் அடுத்த சில மணி நேரத்தில் ரத்தத்துக்கு வந்தே தீரும். ஆகவே முடிவு ஊசிக்கு முன்னால்தான் எடுக்கப்பட வேண்டும்.

மக்னீசியம் வெளியேற ஒரே வழி சிறுநீரகம். மேலே குழாய் திறந்திருக்க, கீழே வடிகால் அடைத்துக்கொண்ட தொட்டியில் என்ன நடக்குமோ அதுதான் சிறுநீர் குறைந்த பெண்ணின் ரத்தத்தில் நடக்கும். பிரீஎக்லாம்சியா சிறுநீரகத்தையே தாக்கும் நோய் என்பதால் இது அடிக்கடி நேரக்கூடியதும்கூட. கதீட்டர் போட்டு மணிக்கு மணி அளந்து எழுத வேண்டும். பையில் மொத்தம் இவ்வளவு என்று காலையில் ஒரு முறை எழுதுவதால் பயனில்லை.

ரத்தத்தில் மக்னீசியம் லிட்டருக்கு 4 முதல் 7 மில்லி இக்குவலன்ட் வரை இருக்கும்போது வலிப்பைத் தடுக்கிறது. 10-ஐ நெருங்கும்போது முழங்கால் அனிச்சை மறைகிறது. அதையும் தாண்டி 12, 13 என்று ஏறும்போது மூச்சுத் தசைகள் தளர்கின்றன. அதற்கும் வெகுமேலே இதயம் நிற்கிறது. முழங்கால் மறைவதற்கும் மூச்சு தளர்வதற்கும் இடையே இருக்கும் அந்தச் சிறு இடைவெளியில்தான் செவிலியரின் வேலை நடக்கிறது. ஆய்வுக்கூடம் இல்லாத ஊரிலும் ஒரு ரப்பர் சுத்தியலால் அந்த இடைவெளியைக் கண்டுபிடித்துவிடலாம்.

அதற்குத் தட்டத் தெரிய வேண்டும். படுத்திருப்பவரின் முழங்காலுக்குக் கீழே கையைக் கொடுத்துச் சற்று மடக்கித் தாங்கி, சில்லுக்குக் கீழே உள்ள தசைநாணில் தட்ட வேண்டும். அவர் காலை இறுக்கமாக வைத்திருந்தால் ஒன்றும் தெரியாது. இரண்டு கை விரல்களையும் கோத்து எதிரெதிராக இழுக்கச் சொல்லிவிட்டு, அந்த நேரத்தில் தட்டினால் கால் தளர்ந்து துள்ளும். இதைவிட முக்கியம், முதல் தவணைக்கு முன்பே ஒரு முறை தட்டி எழுதி வைப்பது. தீவிர பிரீஎக்லாம்சியாவில் அனிச்சை வழக்கத்தைவிட வேகமாக இருக்கும். காலையில் கால் எகிறிய பெண்ணுக்கு மாலையில் “நார்மல்” என்று எழுதினால், அந்த நார்மலே இறக்கம்தான். தொடக்கம் தெரியாதவருக்கு அது புரியாது.

அறுவை சிகிச்சைக்காக முதுகில் மயக்க ஊசி போட்டிருந்தால் முழங்கால் சில மணி நேரத்துக்குத் துள்ளாது. அது மக்னீசியத்தின் வேலையன்று. அப்போது முழங்கையின் உட்பக்கம் இருக்கும் தசைநாணில் தட்டிப் பார்க்க வேண்டும். பல குறிப்பேடுகளில் இந்த வரி இல்லை. சிசேரியன் முடிந்து வந்த பெண்ணைப் பார்த்து, மருந்தை நிறுத்துவதா தொடர்வதா என்று மாணவி திகைப்பது இங்கேதான்.

மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். பதினைந்து நொடி எண்ணி நான்கால் பெருக்கினால், ஒரே ஒரு மூச்சைத் தவறவிட்டாலும் கணக்கில் நான்கு பிசகும். 12-க்கும் 16-க்கும் உள்ள வித்தியாசமே அந்த நான்குதான். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி 16 என்கிறது, சில நாடுகளின் நூல்கள் 12 என்கின்றன. தன் மருத்துவமனையின் நெறிமுறை எதைச் சொல்கிறதோ அதை மாணவி பின்பற்ற வேண்டும்.

ஒரு பெண்ணைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். வயது 22, முதல் கர்ப்பம், 36 வாரம், எடை 48 கிலோ. தலைவலி என்று ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருகிறார். பிரஷர் 168/112, சிறுநீரில் புரதம் மூன்று பிளஸ். அங்கேயே இரு பிட்டத்திலும் 5 கிராம் வீதம் போட்டு அனுப்புகிறார்கள். நம் நாட்டின் வழிகாட்டி கிராம சுகாதார செவிலியருக்கும் இந்த 10 கிராம் முதல் ஊசியைப் போட அனுமதி தந்திருக்கிறது. சீட்டில் “மக்னீசியம் 10 கிராம் தசை ஊசி, காலை 10 மணி” என்று எழுதியிருக்கிறது. இந்த ஒரு வரி இல்லாவிட்டால் பெரிய மருத்துவமனையில் இன்னொரு 14 கிராம் போடப்படும் ஆபத்து உண்டு. பெற்றுக்கொள்ளும் செவிலியர் முதலில் தேட வேண்டியது அந்த வரியைத்தான்.

பிற்பகல் 2 மணி. அவருக்குப் பிரஷர் மருந்து போய்க்கொண்டிருக்கிறது. நான்கு மணி நேரத்தில் சிறுநீர் 180 மி.லி., அதாவது மணிக்கு 45. முழங்கால் நன்றாகத் துள்ளுகிறது, மூச்சு 20. ஊசி போடலாம். மாலை 6 மணி. நான்கு மணி நேரத்தில் சிறுநீர் 72 மி.லி.தான், மணிக்கு 18. மூச்சு 18, நல்லபடியாக இருக்கிறது. முழங்கால் துள்ளுகிறது, ஆனால் மதியத்தைவிட மந்தம். “மூணுல ரெண்டு சரியா இருக்கு, போட்டுடலாமா சிஸ்டர்?” என்று மாணவி கேட்கக்கூடும். கூடாது. மூன்றில் ஒன்று தவறினாலும் ஊசி நிற்கும். இங்கே வடிகால் அடைபட்டுவிட்டது, தொட்டி நிரம்ப ஆரம்பித்ததைக் காலும் மந்தமாகிச் சொல்கிறது. மூச்சு சரியாக இருப்பது, இன்னும் நேரம் இருக்கிறது என்பதை மட்டுமே காட்டுகிறது.

சிஸ்டர் முதலில் கதீட்டர் மடங்கியிருக்கிறதா, அடைத்திருக்கிறதா என்று பார்க்கிறார். இல்லை. மருத்துவரைக் கூப்பிடுகிறார். ரத்தத்தில் கிரியேட்டினினும் மக்னீசிய அளவும் பார்க்க அனுப்புகிறார்கள். சிறுநீர் குறைவு என்று சலைனை வேகமாக ஓடவிட மாணவிக்குத் தோன்றும். இந்த நோயில் ரத்தக் குழாய்கள் நீரைக் கசியவிடுவதால், கூடுதலாக ஏற்றிய நீர் நுரையீரலுக்குப் போய்ச் சேரும். வலிப்பிலிருந்து தப்பிய பெண்ணை அதில் இழந்துவிடலாம். எல்லாம் சேர்த்து மணிக்கு 80 மி.லி. அளவிலேயே நீரை நிறுத்தி வைப்பது வழக்கம்.

7 மணிக்கு முழங்கால் துள்ளவே இல்லை. பேச்சு குழறுகிறது, எல்லாம் இரண்டு இரண்டாகத் தெரிகிறது என்கிறார். மூச்சு 12. மணிக்கணக்கில் முன்பே போட்ட ஊசியின் மருந்து இன்னும் வந்துகொண்டிருக்கிறது என்பதை இது காட்டுகிறது. ஆக்சிஜன் வைத்து, 10 சதவீத கால்சியம் குளுக்கோனேட் 10 மி.லி., அதாவது 1 கிராம், நரம்பில் மெதுவாக ஏற்றுகிறார்கள். வேகமாக ஏற்றினால் இதயத் துடிப்பு குறையும், அதனால் துடிப்பைப் பார்த்துக்கொண்டே கொடுக்கிறார்கள். சில நிமிடங்களில் மூச்சு 16-க்கு வருகிறது. ஆனால் மக்னீசியம் உடம்பிலேயே இருக்கிறது. கால்சியம் அதன் வேலையைத் தற்காலிகமாகத்தான் தடுக்கிறது. அடுத்த சில மணி நேரத்துக்கு யாராவது ஒருவர் அருகிலேயே இருக்க வேண்டும். மூச்சு நின்றால் அம்பு பை வைத்து மூச்சு கொடுக்க வேண்டும். மாலை 6 மணிக்கு அந்த ஊசியும் போயிருந்தால் இந்தக் கதை வேறு மாதிரி முடிந்திருக்கும்.

கால்சியம் குளுக்கோனேட் எங்கே இருக்கிறது என்பது முதல் மக்னீசியம் ஆம்பியூலை உடைக்கும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். பூட்டிய அலமாரியில், சாவி பகல் சிஸ்டரிடம் என்றால் அது இல்லாததற்குச் சமம். ஒரு ஆம்பியூல், ஒரு சிரிஞ்ச், சுத்தியல், அம்பு பை ஆகிய நான்கும் அந்தப் பெண்ணின் கட்டிலருகே ஒரு தட்டில் இருக்க வேண்டும்.

இன்னொரு பக்கமும் உண்டு. மக்னீசியத்துக்குப் பயந்து கொடுக்காமல் இருப்பது, கொடுத்துத் தவறுவதைவிட அதிக உயிர்களை எடுக்கும். சிறுநீர் நன்றாகப் போய், கால் துள்ளி, மூச்சு சீராக இருக்கும் பெண்ணுக்கு ஊசி தாமதமானால் வலிப்பு வரலாம். மருந்து போய்க்கொண்டிருக்கும்போதே வலிப்பு வந்து, கடைசி ஊசியிலிருந்து 15 நிமிடம் கடந்திருந்தால் இன்னும் 2 கிராம் 20 சதவீதக் கரைசலாக நரம்பில் போகும். வலிப்பின்போது வாயில் எதையும் திணிக்கக் கூடாது, இடப்பக்கம் ஒருக்களித்துக் கிடத்தி மூச்சுப்பாதையைக் காக்க வேண்டும்.

பிரசவம் ஆனதும் எல்லாம் முடிந்துவிட்டது என்று குடும்பத்தார் நினைக்கிறார்கள். வலிப்புகளில் ஒரு பகுதி குழந்தை பிறந்த பிறகே வருகிறது. அதனால் பிரசவமோ கடைசி வலிப்போ, எது பிந்தியதோ அதிலிருந்து 24 மணி நேரம் மருந்து தொடரும், மூன்று சோதனைகளும் தொடரும். நள்ளிரவில் சிஸ்டர் வந்து விளக்கைப் போட்டு, தூங்கும் பெண்ணின் முழங்காலைத் தட்டி எழுப்பினால் எரிச்சல்படாதீர்கள். வீட்டுக்கு வந்த பிறகும் அவருக்குத் தலைவலி விடாமல் இருந்தாலோ கண் மங்கினாலோ காலைவரை காத்திருக்காமல் அன்றே அருகிலுள்ள மருத்துவமனைக்கு அழைத்துப் போய் பிரஷர் பாருங்கள்.